பால்கனித் தொட்டிகளுக்குச் சொட்டுநீர்: டைமருக்கு முன் குழாயைப் பாருங்கள்

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பால்கனியில் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. சொட்டுநீர்ப் பெட்டி ஒன்றையும், குழாயில் மாட்டும் டைமர் ஒன்றையும் வாங்கி வருகிறார்கள். டைமரைப் பொருத்தி, பேட்டரி போட்டு, பட்டனை அழுத்தினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. தண்ணீர் மட்டும் வருவதில்லை. வந்தாலும் முதல் இரண்டு தொட்டிகளில் சொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. டைமர் கோளாறு என்று திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்குகிறார்கள். அதுவும் 'டக்' என்கிறது, அதோடு சரி.

பெரும்பாலும் அந்த டைமரில் எந்தக் கோளாறும் இல்லை. அது எதிர்பார்க்கிற அழுத்தம் அந்த வீட்டுக் குழாயில் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவற்றில் மொட்டை மாடியில் இருக்கும் டேங்கிலிருந்து தண்ணீர் தானாகவே கீழே இறங்குகிறது. டேங்கின் நீர்மட்டம் குழாயைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் இருப்பவருக்கும் டேங்குக்கும் இடையே மூன்று மீட்டர்தான் இருக்கும் என்றால் அவருக்குக் கிடைப்பது 0.3 பார். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இது போதும். ஆனால் மலிவான டைமர்கள் பலவற்றில் இருக்கும் சோலினாய்டு வால்வு, தண்ணீரின் அழுத்தத்தைத் துணையாகக் கொண்டுதான் உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டைத் தூக்கித் திறக்கிறது. தள்ள ஆள் இல்லாவிட்டால் கதவு திறக்காது.

இதற்கு மாற்று, பால் வால்வு வகை டைமர். அதில் சின்ன மோட்டார் ஒன்று துளையிட்ட உருண்டையைத் திருப்பி வழியைத் திறந்துவிடும். அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. தரையில் வைத்த டிரம்மிலிருந்து வரும் தண்ணீருக்குக்கூட அது திறக்கும். இரண்டையும் சத்தத்தை வைத்தே பிரித்தறியலாம். சோலினாய்டு ஒரே ஒரு 'டக்'கோடு முடிந்துவிடும். பால் வால்வு சில நொடிகள் 'ர்ர்ர்' என்று சுழன்று நிற்கும். கடையில் பேட்டரி போட்டுக் காட்டச் சொன்னால் போதும். இணையத்தில் வாங்குவதானால் விவரப் பகுதியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அங்கே `0 bar` என்று இருந்தால் மேல் மாடிக்காரர் தைரியமாக வாங்கலாம். `0.5 bar` என்று இருந்தால் அது அவருக்கானதல்ல.

கீழ் மாடிக்காரர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. உயரமான கட்டடங்களின் கீழ்த் தளங்களிலும், பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் மெல்லிய குழாய்கள் இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு பால்கனி முழுக்கத் தண்ணீரடிக்கும். அவர்கள் டைமருக்கு அடுத்து ஒரு பிரஷர் ரெடியூசர் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முக்கியமாக மேல் மாடிக்காரர்களுக்கானது. அதிகம் ஏமாறுபவர்கள் அவர்கள்தான்.

சென்னையில் அப்படி ஒரு பால்கனியை எடுத்துக்கொள்வோம். நீளம் நான்கு மீட்டர். ஓரத்தில் வாஷிங் மெஷினுக்கான குழாய். வரிசையாகப் பன்னிரண்டு தொட்டிகள்: தக்காளி இரண்டு, கத்திரி, செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, மிளகாய், கறிவேப்பிலை, புதினா, துளசி, கற்பூரவல்லி, கற்றாழை. கடைசி இரண்டையும் சொட்டுநீர் வரிசையில் சேர்க்கக் கூடாது. தினமும் ஈரம் பட்டால் கற்றாழை அடியிலிருந்தே அழுகும், கற்பூரவல்லியும் அப்படித்தான். பாக்கி பத்துத் தொட்டிகளுக்குத்தான் ஏற்பாடு.

முதல் வேலை, எந்தச் செடிக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிப்பது. இதற்குப் புத்தகம் தேவையில்லை, அளவு தெரிந்த ஒரு மக் போதும். ஒவ்வொரு தொட்டிக்கும் மெதுவாக ஊற்றி, அடித்துளையில் லேசாக ஈரம் தெரிந்ததும் நிறுத்தி, ஊற்றிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மண் காய்ந்து கிடந்திருந்தால் முதல் நாள் அதிகம் குடிக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த இரண்டு மூன்று நாட்களைப் பார்க்கலாம். நம் பால்கனியில் மே மாத வெயிலுக்குப் பெரிய தொட்டிகளில் இருக்கும் தக்காளி, கத்திரி, செம்பருத்தி ஆகியவை தலைக்கு ஒன்றரை லிட்டர் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஆறும் முக்கால் லிட்டரோடு திருப்தியாகிவிடுகின்றன. அளவு தொட்டிக்குத் தொட்டி, வெயிலுக்கு வெயில் மாறும். அளக்கும் முறை ஒன்றுதான்.

அடுத்து வாங்க வேண்டியவை. விவசாயிகள் லேட்டரல் என்று சொல்லும் 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் ஐந்து மீட்டர். அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் போக 4 மில்லிமீட்டர் மெல்லிய குழாய். டிரிப்பர்கள். டைமருக்குப் பின்னால் போட ஒரு சிறிய வலை ஃபில்டர். கடைசி முனைக்கு மூடி. எல்லாம் ஒரே பெட்டியாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டிகளில் பல, நீளம் முழுவதற்கும் 4 மில்லிமீட்டர் குழாயையே தருகின்றன. குறைந்த அழுத்தத்தில் அது ஒத்துவராது. மெல்லிய குழாயின் சுவரில் உரசியே நீரின் வேகம் குறைந்து, முதல் தொட்டி குளிக்கும், கடைசித் தொட்டி காயும். முதுகெலும்பாக 16 மில்லிமீட்டர் குழாய் இருந்தால் பத்துத் தொட்டிக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் போய்ச் சேரும். சொட்டுநீர்ப் பாசனப் பொருட்கள் விற்கும் கடைகளில் இதை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

டிரிப்பர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பார்க்கச் சின்ன பிளாஸ்டிக் பொத்தான். அதன் உள்ளே வளைந்து வளைந்து போகும் நீண்ட பாதை இருக்கிறது. இஸ்ரேலிய நீர்ப் பொறியாளர் சிம்கா பிளாஸ் கண்டுபிடித்து, 1965இல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில் தொடங்கிய நெட்டாஃபிம் நிறுவனம் உற்பத்திக்குக் கொண்டுவந்த கருத்து இது. ஊசித் துளை வைத்தால் நீர் குறையும். ஆனால் ஒரு மணல் துகள் வந்தாலே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் சற்றுப் பெரிய பாதையை நீளமாக்கி, நீரின் வேகத்தை அதிலேயே தீர்த்துவிடலாம் என்பதே பிளாஸின் யோசனை. அதனால்தான் டிரிப்பர் ஊற்றாமல் சொட்டுகிறது.

அதன் மேல் எழுதியிருக்கும் அளவு, உதாரணமாக மணிக்கு நான்கு லிட்டர், ஒரு பார் அழுத்தத்துக்கானது. அழுத்தம் குறைந்தால் அளவும் குறையும், ஆனால் நேர் விகிதத்தில் அல்ல. அழுத்தம் கால் பங்கானால் நீர் பாதியாகும். நம் மேல் மாடி வீட்டின் 0.3 பாரில் நான்கு லிட்டர் டிரிப்பர் மணிக்கு 2.2 லிட்டர் அளவில்தான் தரும். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு தருவதாகச் சொல்லும், பிசி என்று அழைக்கப்படும் டிரிப்பர்களும் உண்டு. நல்ல பொருள்தான்; ஆனால் அவற்றில் பலவும் சரியாக வேலை செய்ய அரை பாருக்கு மேல் வேண்டும். மேல் மாடிக்குச் சாதாரண டிரிப்பரே பொருத்தம். தலையைத் திருகி அளவை மாற்றும் வகையும் வேண்டாம். இன்று வைத்த அளவு நாலு நாளில் தானே நகர்ந்துவிடும், பத்தையும் ஒரே அளவில் வைப்பது சள்ளை பிடித்த வேலை.

பொருத்துவது ஒரு மாலை வேலை. வாஷிங் மெஷின் குழாயின் மரை பெரும்பாலும் முக்கால் அங்குலம். டைமரின் மரையும் அதே அளவு என்பதால் நேரடியாக ஏறிவிடும். மெஷினுக்கும் அதே குழாய் வேண்டுமென்றால் இடையில் இரட்டை வாய் இணைப்பு ஒன்று போடலாம். டைமரைக் கையால் இறுக்கினால் போதும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் கசிவைத் தடுக்கிறது, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயன் பெரிதாக இல்லை. ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரியும். 16 மில்லிமீட்டர் குழாயை இணைப்பில் செருக முடியாவிட்டால் முனையைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் வைத்தெடுத்தால் இளகி ஏறும். துளை போட அதற்கென உள்ள பஞ்ச் கருவியையே பயன்படுத்த வேண்டும். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் துளை கோணலாகி, அங்கேயே ஒழுகத் தொடங்கும்.

கறுப்புக் குழாயை எங்கே ஓட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். கைப்பிடிச் சுவரின் மேலே கட்டினால் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் டைமர் மூடிய பிறகும் குழாயில் நிற்கும் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டர் குழாயில் ஏறக்குறைய 150 மில்லி நிற்கும். நான்கு மீட்டருக்கு அறுநூறு மில்லி. எல்லாத் தொட்டிகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது பங்கு போய்விடும். ஒன்றிரண்டு தொட்டிகள் மட்டும் தாழ்வாக இருந்தால் அதில் பெரும்பகுதி அவற்றுக்குத்தான் போகும், அதுவும் ஒவ்வொரு முறையும். மூலையில் இருக்கும் துளசி மட்டும் ஏன் அழுகுகிறது என்று புரியாமல் பலர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயைத் தரையில், தொட்டிகளுக்குப் பின்னால் ஓட்டி, மெல்லிய குழாய்களை மேலே ஏற்றி, டிரிப்பரைத் தொட்டியின் விளிம்புக்கு அருகே வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். நீர் குழாயிலேயே தங்கிவிடும். தொட்டிகளின் நிழலில் கிடப்பதால் வெயிலில் கொதிக்கவும் செய்யாது.

கிரில்லில் தொங்கும் தொட்டிகளை முடிந்தவரை இந்த வரிசையில் சேர்க்காமல் இருப்பது நல்லது. மூன்று மீட்டர் உயரம் மட்டுமே கையிருப்பாக உள்ள வீட்டில், ஒரு மீட்டர் மேலே ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு நீர் குறைந்துபோகும்.

இப்போது கணக்கு. டைமர் எல்லாத் தொட்டிக்கும் ஒரே நேரத்தைத்தான் கொடுக்கும். தக்காளிக்கு அரை மணி, துளசிக்குக் கால் மணி என்று அதற்குப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே யாருக்கு எவ்வளவு என்பதை டிரிப்பரின் எண்ணிக்கையில் வைக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் கேட்கும் நான்கு தொட்டிகளுக்குத் தலைக்கு இரண்டு, முக்கால் லிட்டர் கேட்கும் ஆறு தொட்டிகளுக்குத் தலைக்கு ஒன்று. மொத்தம் பதினான்கு டிரிப்பர்.

எவ்வளவு நேரம் என்பதை அட்டையில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், டம்ளர் வைத்து அளக்க வேண்டும். எல்லா டிரிப்பரும் ஓடும்போது, கடைசித் தொட்டியின் டிரிப்பரை ஒரு டம்ளருக்குள் விட்டு ஆறு நிமிடம் காத்திருந்து, விழுந்த நீரை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்க்கலாம். ஆறு நிமிட நீரைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு. நம் பால்கனியில் 220 மில்லி விழுகிறது, ஆக மணிக்கு 2.2 லிட்டர். இருபது நிமிடத்தில் ஒரு டிரிப்பர் 730 மில்லி சொட்டும், துளசிக்குச் சரி. இரண்டு டிரிப்பர் உள்ள தக்காளிக்கு 1.46 லிட்டர், அதுவும் சரி. முதல் தொட்டியிலும் இதே சோதனையைச் செய்து, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ குழாய் மடங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று தேட வேண்டும்.

இந்த இருபது நிமிடத்தை ஒரே மூச்சில் விடாமல் காலை பத்து, மாலை பத்து என்று பிரிப்பது நல்லது. பால்கனித் தொட்டிகளில் இப்போது தேங்காய் நார்த்தூள் நிறையக் கலக்கிறார்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் அது நீரை உடனே உறிஞ்சாது. தண்ணீர் தொட்டியின் பக்கச் சுவரை ஒட்டி வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும். தட்டு நிறைந்திருக்கும், வேர் காய்ந்திருக்கும். சிறிது சிறிதாக இரண்டு வேளை கொடுத்தால் நடுவில் ஈரம் நிலைத்திருக்கும். டிரிப்பரையும் சுவரை ஒட்டாமல், தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவே குத்தி வைக்க வேண்டும். இரண்டு டிரிப்பர் உள்ள தொட்டியில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கலாம்.

இரண்டு திருகு உள்ள எளிய டைமரில் ஒன்று எத்தனை மணிக்கு ஒருமுறை, மற்றது எத்தனை நிமிடம். பன்னிரண்டு மணி, பத்து நிமிடம் என்று வைத்தால் வேலை முடிந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இத்தகைய டைமர்களில் பலவற்றுக்குக் கடிகாரம் கிடையாது. திருகிய நொடியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். மதியம் இரண்டு மணிக்குப் பொருத்திவிட்டுப் போனால் அடுத்தடுத்த நாட்களும் மதியம் இரண்டுக்கும் நள்ளிரவு இரண்டுக்கும்தான் ஓடும். காலை ஆறு மணிக்கு எழுந்து ஒருமுறை திருகி வைத்தால் தொல்லையில்லை. திரை உள்ள வகையில் `START TIME`, `RUN TIME` என்று தனித்தனியாகக் குறிக்கலாம். குடியிருப்பில் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறந்துவிடப்படுகிறது என்றால், அந்த நேரத்துக்குள் டைமர் ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இரண்டு மூன்று மாதங்களில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் பொரி கட்டும். வாளியின் ஓரத்திலும் ஷவரிலும் படிகிற அதே சுண்ணாம்புதான். சொட்டு குறைந்த டிரிப்பரைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் மாற்றிவிடலாம், விலை சில ரூபாய்தான். மாதம் இருமுறை கடைசி மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் நீரை ஓடவிட்டால் குழாயில் தங்கிய கசடு போய்விடும். அப்போதே ஃபில்டர் வலையையும் கழுவலாம். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்றவற்றை எவ்வளவு வடிகட்டினாலும் இந்தக் குழாயில் விடக் கூடாது. அவற்றை மக்கில் எடுத்துக் கையால் ஊற்றுவதுதான் முறை. உப்புத் தண்ணீர்க்காரர்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் நன்றாக வடியும்படி தாராளமாக ஊற்றினால், மண்ணில் சேர்ந்த உப்பும் இறங்கிவிடும்.

தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். டைமர் இருப்பதால் ஆள் தொட்டிப் பக்கமே போகாத வீடுகளில் இந்த ஆபத்து அதிகம். தட்டில் எப்போதும் நீர் நின்றால் ஓட்ட நேரத்தில் இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும் என்று பொருள்.

ஊருக்குப் போகும்போது இன்னொரு கவலை வரும். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டால் பல டைமர்களில் அது அப்படியே திறந்து நின்றுவிடும். பதினான்கு டிரிப்பர் வழியாக மணிக்கு முப்பது லிட்டர் சொட்டும். ஒரு நாளில் எழுநூறு லிட்டர். மொட்டை மாடி டேங்க் எல்லோருக்கும் பொதுவானது, கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார். கிளம்பும் முன் புதிய ஆல்கலைன் பேட்டரி போடுவது முதல் காப்பு. ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், அதன் மின்னழுத்தம் குறைவு.

இன்னும் உறுதியான காப்பு, குழாயை விட்டுவிட்டு மூடியுள்ள டிரம் ஒன்றிலிருந்து நீர் எடுப்பது. நம் பால்கனிக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் சொச்சம் தேவை. நூறு லிட்டர் டிரம் ஒன்பது நாளுக்கு வரும். என்ன கோளாறு நடந்தாலும் நூறு லிட்டருக்கு மேல் கொட்டாது. டிரம்மின் நீர்மட்டம் டிரிப்பரைவிட ஒரு மீட்டராவது மேலே இருக்கும்படி உறுதியான மேடையில் வைக்க வேண்டும். நிரம்பினால் அதன் எடை நூறு கிலோவுக்கு மேல், பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. நிறமும் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கட்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடித்து ஃபில்டர் அடைக்கும். ஒரு மீட்டர் உயரத்தில் அதே டிரிப்பர் மணிக்கு ஒன்றேகால் லிட்டர்தான் தரும் என்பதால் ஓட்ட நேரம் பத்திலிருந்து பதினேழு பதினெட்டு நிமிடமாக ஏறும். டிரம் காலியாகக் காலியாக நீர்மட்டம் இறங்கி, சொட்டும் குறையும். ஆகவே டம்ளர் சோதனையை டிரம் பாதி இருக்கும்போது செய்து நேரத்தை வைப்பது நல்லது. இதற்குப் பால் வால்வு டைமர் மட்டுமே பொருந்தும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்தக் கணக்கெல்லாம் மாறும். கூரை உள்ள பால்கனியில் மழை நேரடியாகத் தொட்டியில் விழாவிட்டாலும், காற்றில் ஈரம் கூடி வெயில் குறைவதால் செடிகள் மே மாதத்தைவிட மிகக் குறைவாகவே குடிக்கும். மாலை ஓட்டத்தை நிறுத்தி, காலையில் மட்டும் விட்டுப் பார்க்கலாம். நாள் முழுக்க மழை கொட்டும் நேரங்களில், `RAIN DELAY` பட்டன் உள்ள டைமரில் அதை அழுத்தினால் குறித்த மணி நேரத்துக்கு நிறுத்திவைத்து, பிறகு பழைய அட்டவணையைத் தானே தொடரும். அது இல்லாத டைமரில் குழாயை மூடிவிட வேண்டும். மழை விட்டதும் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்து, ஈரம் படவில்லை என்றால் திறந்துவிடலாம்.